பாதி நியாயமான புகாருக்குப் பதில் எழுதுவது எப்படி: சாயம் இறங்கிய ஒரு பட்டுச்சேலையை முன்வைத்து

பட்டுச்சேலைகளை இணையத்தில் விற்றுப் பார்சலில் அனுப்பும் ஒரு கடையில், வாடிக்கையாளர்களின் புகார்களுக்குப் பதில் எழுதும் பொறுப்பு பல ஆண்டுகளாக என்னுடையது. முழுவதும் நம் தவறாக இருக்கும் புகாருக்குப் பதில் எழுதுவது எளிது. மன்னிப்புக் கேட்டுப் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். முழுவதும் ஆதாரமற்ற புகாருக்கும் சான்றுகளை இணைத்து மரியாதையாக மறுப்பு எழுதிவிடலாம். வேலைக்குப் புதிதாக வருபவர்கள் திணறுவது இவ்விரண்டுக்கும் இடையில் வரும் புகார்களில்தான். அத்தகைய ஒரு புகாரை எடுத்துக்கொண்டு, அதற்கான பதிலை முதல் செய்தியிலிருந்து கடைசி ரசீது வரை எப்படி அமைப்பது என்று இங்கே எழுதுகிறேன். அடையாளம் தெரியாதிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

புகார் இதுதான். மயில் பச்சை உடலும் அரக்குக் கரையும் கொண்ட பட்டுச்சேலை ஒன்றை ஒரு பெண்மணி 12,800 ரூபாய்க்கு வாங்கினார். 12-ஆம் தேதி அவர் வீட்டில் வளைகாப்பு என்பதால், விரைவு கூரியருக்கென்று 350 ரூபாய் கூடுதலாகக் கட்டியிருந்தார். 10-ஆம் தேதிக்குள் சேலை கைக்கு வந்துவிடும் என்று நாங்கள் உறுதி சொல்லியிருந்தோம். 26-ஆம் தேதி அவரிடமிருந்து மின்னஞ்சல் வந்தது.

“வளைகாப்புக்கு என்று சொல்லித்தான் வாங்கினேன். விசேஷம் முடிந்து 15-ஆம் தேதி வந்து சேர்ந்தது. போகட்டும் என்று 20-ஆம் தேதி ஒரு கல்யாணத்துக்குக் கட்டினேன். ஒரே ஒரு தடவைதான் துவைத்தேன். கரையில் இருந்த சாயம் அப்படியே உடலில் இறங்கிவிட்டது. மட்டமான சாயம் போட்டு ஏமாற்றியிருக்கிறீர்கள். சேலைப் பணம் முழுவதும், கூரியர் பணமும், மன உளைச்சலுக்கு 5,000 ரூபாயும் வேண்டும்.”

முதல் இரண்டு நாள்: பெற்றுக்கொண்டதை மட்டும் சொல்லுங்கள்

இத்தகைய மின்னஞ்சலைப் படித்தவுடன் கை தானாகவே எழுத விரும்பும் பதில் ஒன்று உண்டு. “சாரி மேடம், எங்க மிஸ்டேக்தான், உடனே பார்த்துச் செய்யறோம்” என்று வாட்ஸ்அப்பில் தட்டி அனுப்பிவிடுவோம். நானும் வேலைக்கு வந்த புதிதில் இப்படித்தான் அனுப்பினேன். எதிரில் இருப்பவரின் கோபத்தைத் தணிக்கச் சொல்லும் இந்த ஒரு வரி, தாமதம், சாயம், ஏமாற்று என்ற மூன்று குற்றச்சாட்டுகளையும் ஒரே மூச்சில் ஒப்புக்கொண்டுவிடுகிறது. பிறகு விசாரித்துப் பார்த்து, சாயத்தில் குறையில்லை என்று நாம் கண்டறிந்தாலும், “அன்றைக்கு நீங்களே உங்கள் தவறு என்று சொன்னீர்களே” என்று அவர் திரையைப் படமெடுத்துக் காட்டுவார். அவர் அப்படிக் காட்டுவதில் பிழையேதும் இல்லை. நாம் சொன்னதைத்தான் அவர் காட்டுகிறார்.

நாம் எழுதும் ஒவ்வொரு செய்தியையும் நாளை நுகர்வோர் ஆணையத்தின் மேசையில் வைத்துப் படிக்கக்கூடும் என்ற நினைவோடுதான் எழுத வேண்டும். ஐந்து லட்சம் ரூபாய் வரை விலை கொடுத்து வாங்கிய பொருளைப் பற்றி மாவட்ட ஆணையத்தில் புகார் கொடுக்கக் கட்டணம் கிடையாது. வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகள் வரை அவகாசமும் உண்டு. ஆகவே 12,800 ரூபாய்ச் சேலைக்கு யார் ஆணையத்துக்குப் போகப்போகிறார்கள் என்று நினைப்பது சரியன்று. எழுத்தில் கொடுத்த ஒப்புதல் சட்டப்படி முடிவான சான்று ஆகிவிடாது என்றாலும், அது தவறாகக் கொடுக்கப்பட்டது என்று காட்டும் சுமை நம் தலையில் வந்து விழும்.

அதே சமயம் பதில் சொல்லாமலும் இருக்க முடியாது. இணையத்தில் விற்பவர்களுக்கான 2020-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்பு விதிகளின்படி, புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். புகார் கிடைத்த நாளிலிருந்து ஒரு மாதத்துக்குள் அதைத் தீர்த்துவைக்கவும் வேண்டும். எனவே முதல் செய்தியில் மூன்று விஷயங்கள் இருந்தால் போதும்: புகார் வந்து சேர்ந்தது, இன்ன தேதிக்குள் பதில் தருவோம், அதற்கு இன்னின்ன விவரங்கள் வேண்டும். நாங்கள் அனுப்பியது இது.

“வணக்கம். தங்கள் மின்னஞ்சல் கிடைத்தது. சேலை வந்து சேர்ந்த நாள் பற்றியும், துவைத்தபின் கரைச் சாயம் உடலில் இறங்கியதாகத் தாங்கள் தெரிவித்திருப்பது பற்றியும் எங்கள் பதிவேடுகளைப் பார்த்துவருகிறோம். 2-ஆம் தேதி மாலைக்குள் விவரமான பதில் அனுப்புவோம். சேலையை முழுவதுமாக விரித்துப் பகல் வெளிச்சத்தில் எடுத்த படம் ஒன்றும், கரையும் உடலும் சேரும் இடத்தை நெருக்கமாக எடுத்த படம் ஒன்றும் அனுப்பினால் உதவியாக இருக்கும். எப்படித் துவைத்தீர்கள், பார்சலில் சேலையுடன் வேறு என்னென்ன இருந்தன என்பதையும் எழுதும்படி கேட்டுக்கொள்கிறோம்.”

கேள்வி கேட்ட முறையைக் கவனியுங்கள். “சோப்புத்தூளில் ஊற வைத்தீர்களா?” என்று கேட்டிருந்தால், நாம் முடிவு செய்துவிட்டுத்தான் விசாரிக்கிறோம் என்று அவருக்குத் தோன்றியிருக்கும், “இல்லை” என்ற ஒற்றைச் சொல்தான் பதிலாக வந்திருக்கும். எப்படித் துவைத்தீர்கள் என்று பொதுவாகக் கேட்டதால், “வழக்கம்போல் வாளியில் சோப்புத்தூள் கரைத்து அரை மணி நேரம் ஊற வைத்து அலசினேன்” என்று அவரே ஒளிக்காமல் எழுதினார். பெரும்பாலான வாடிக்கையாளர்கள் உண்மையைத்தான் சொல்வார்கள். நம் கேள்வி அதற்கு இடம் கொடுக்க வேண்டும்.

புகாரைக் கூறுகளாகப் பிரியுங்கள்

கோபத்தில் எழுதிய புகார் எப்போதும் ஒரே கட்டாகத்தான் வரும். அதை அப்படியே ஏற்கவோ மறுக்கவோ முயல்வதுதான் சிக்கலின் தொடக்கம். ஒரு தாளை எடுத்து, புகாரில் உள்ள கூற்றுகளைத் தனித்தனி வரிகளாக எழுதுங்கள். இந்தப் புகாரில் சேலை ஐந்து நாள் தாமதமாக வந்தது என்பது ஒன்று. துவைத்தபோது சாயம் இறங்கியது என்பது இரண்டு. சாயம் மட்டமானது என்பது மூன்று. தெரிந்தே ஏமாற்றினோம் என்பது நான்கு. பணக் கோரிக்கையை இவற்றோடு சேர்க்காமல் தாளின் அடியில் எழுதிவையுங்கள். நான்குக்கும் விடை தெரிந்த பிறகுதான் அதைத் தொட வேண்டும்.

இரண்டாவதும் மூன்றாவதும் ஒன்றுதானே என்று புதியவர்கள் கேட்பார்கள். இல்லை. சாயம் இறங்கியது என்பது நடந்த நிகழ்ச்சி. படத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும். சாயம் மட்டமானது என்பது அந்த நிகழ்ச்சிக்குச் சொல்லும் காரணம். நிகழ்ச்சியை ஏற்றுக்கொண்டு காரணத்தை மறுக்க நமக்கு இடமுண்டு. பாதி நியாயமான புகார்களில் பெரும்பாலானவை இந்த இடைவெளியில்தான் இருக்கின்றன.

ஒவ்வொன்றுக்கும் சான்று தேடுங்கள்

தாமதத்தைப் பற்றி அதிகம் தேட வேண்டியிருக்கவில்லை. ஃபால்ஸ் தைத்து ஓரம் அடிக்கக் கொடுத்த இடத்தில் இரண்டு நாளும், கூரியரில் மூன்று நாளும் போயிருந்தன. அந்த மூன்று நாள் கூரியர்காரர்களின் பொறுப்பு என்று பதிலில் எழுதலாம் என்று எங்கள் பேக்கிங் பிரிவுத் தம்பி யோசனை சொன்னார். அது வேண்டாம் என்றேன். 10-ஆம் தேதிக்குள் தருகிறோம் என்று சொன்னது நாங்கள். விரைவுக் கட்டணத்தை வாங்கியதும் நாங்கள். தையல்காரரும் கூரியரும் நாங்கள் அமர்த்தியவர்கள். எங்களுக்குள் யார் பக்கம் எத்தனை நாள் என்ற கணக்கு வாடிக்கையாளருக்கு உரியதன்று. நம்முடைய தவறு என்று தெளிவாகத் தெரிவதைக் குறைத்துக் காட்ட முயன்றால், அடுத்து நாம் நியாயமாக மறுப்பதையும் அவர் நம்ப மாட்டார். தாமதம் முழுவதும் எங்களுடையது என்று முடிவாயிற்று.

சாயத்துக்குத்தான் நேரம் செலவிட வேண்டியிருந்தது. சாயம் சரியாக ஏறாத பட்டுக்கும், துவைத்த முறையால் சாயம் கழன்ற பட்டுக்கும் கண்ணுக்குத் தெரியும் வேறுபாடு உண்டு. சாயம் பிடிக்காத சேலை, துவைப்பதற்கு முன்பே காட்டிக்கொடுத்துவிடும்: கட்டியிருக்கும்போது வியர்வை படும் இடுப்புப் பகுதியிலும் உள்பாவாடையிலும் நிறம் ஒட்டியிருக்கும். இவர் அனுப்பிய படத்தில் இடுப்புப் பகுதி சுத்தமாக இருந்தது. கரையை ஒட்டி உடலில் ஏறத்தாழ நான்கு விரல் அகலத்துக்கு அரக்கு நிறம் பரவி, மடிப்பு விழுந்த இடங்களில் கூடுதலாகத் தேங்கியிருந்தது. மடித்தபடி நீரில் ஊறிய சேலையில் கறை இப்படித்தான் படியும்.

படத்தை மட்டும் நம்பி முடிவு செய்யக்கூடாது. அதே சாயத் தொகுதியில் நெய்த இன்னொரு சேலை கையிருப்பில் இருந்தது. அதன் கரை ஓரத்தில் ஈரமான வெள்ளைப் பருத்தித் துணியால் பத்து முறை தேய்த்துப் பார்த்தோம். துணியில் மெல்லிய நிழல் போலத்தான் நிறம் படிந்தது. அந்தச் சேலையோடு வந்த ரவிக்கைத் துணியும் கரையின் அதே அரக்குச் சாயத்தில் இருந்தது. அதிலிருந்து இரண்டு துண்டுகள் வெட்டி, ஒன்றை வெறும் தண்ணீரிலும் மற்றொன்றைச் சோப்புத்தூள் கரைத்த நீரிலும் அரை மணி நேரம் போட்டோம். வெறும் தண்ணீர் லேசாக மட்டுமே நிறம் மாறியது. சோப்புத்தூள் நீர் சிவந்துவிட்டது. பட்டு, கம்பளியைப் போலப் புரத இழை. துணி துவைக்கும் சாதாரண சோப்புத்தூளில் இருக்கும் காரம் அந்த இழையையும் கெடுக்கும், அதைப் பிடித்திருக்கும் சாயத்தையும் நெகிழவைக்கும். அரக்கு, அடர்சிவப்பு போன்ற அடர்நிறங்களில் அது பளிச்சென்று தெரியும். வெறும் தண்ணீரிலேயே நிறம் கொட்டியிருந்தால், இந்தப் புகார் முழுவதும் நியாயமானது என்று ஒப்புக்கொண்டு பணத்தைத் திருப்பியிருப்போம். சோதனை செய்யும்போதே அதற்கு மனத்தைத் தயாராக வைத்துக்கொள்ள வேண்டும். நமக்குச் சாதகமான முடிவு வரும்வரை சோதிப்பதற்குப் பெயர் சோதனையன்று.

இத்தோடு நிறுத்தியிருந்தால் சாயம் பற்றிய பகுதியை முழுவதும் மறுத்திருப்போம், அது பிழையாகியிருக்கும். பார்சலில் என்னென்ன இருந்தன என்ற கேள்விக்கு அவர் “சேலை, பில், ஒரு துணிப்பை” என்று எழுதியிருந்தார். முதல் மூன்று முறை டிரை வாஷ் மட்டும் செய்ய வேண்டும், சோப்புத்தூளில் ஊற வைக்கக்கூடாது என்று அச்சிட்ட பராமரிப்பு அட்டை ஒன்றை ஒவ்வொரு பார்சலிலும் வைப்பது எங்கள் வழக்கம். பேக்கிங் தாளை எடுத்துப் பார்த்தோம். அட்டை என்ற கட்டத்தில் குறி இல்லை. வாங்கும் பக்கத்தில் அந்தக் குறிப்பு இருக்கிறது என்றாலும், அது அளவு விவரங்களுக்கும் கீழே, இறக்கிப் பார்த்தால்தான் தெரியும் இடத்தில் இருந்தது. ஆகவே உண்மை இப்படி நின்றது: சாயத்தில் குறை இல்லை, ஆனால் எப்படித் துவைக்க வேண்டும் என்று சொல்ல வேண்டிய கடமையில் நாங்கள் தவறியிருந்தோம். அவர் கேட்காத ஒன்றை நாமாக ஏன் சொல்ல வேண்டும் என்று சிலர் நினைக்கலாம். அவருக்கு நேர்ந்த இழப்பில் அதற்குப் பங்கு இருக்கிறது, நமக்கும் அது தெரியும். ஆகவே சொல்லித்தான் ஆக வேண்டும்.

தமிழ் வாக்கியம் நம்மை அறியாமல் ஒப்புக்கொள்ளும் இடங்கள்

முடிவு தெளிவாக இருந்தும் பதில் கெட்டுப்போவது வாக்கியத்தில்தான். நான் திருத்திய வரைவுகளில் திரும்பத் திரும்பக் கண்ட சிலவற்றைச் சொல்கிறேன்.

முதலாவது, பெயரெச்சம். “தங்களுக்கு அனுப்பிய தரமற்ற சேலை குறித்து” என்று பொருள் வரியில் எழுதிவிட்டால், கடிதம் தொடங்கும் முன்பே சேலை தரமற்றது என்று நாமே சொல்லிவிட்டோம். பெயருக்கு முன்னால் போடும் அடைமொழி, யாரும் மறுக்காத உண்மையைப் போல உட்கார்ந்துகொள்ளும். வாடிக்கையாளரின் கூற்றை அவருடைய கூற்றாகவே எழுத “என்று தாங்கள் தெரிவித்துள்ளீர்கள்”, “இறங்கியதாகத் தெரிவித்தது குறித்து” போன்ற அமைப்புகள் இருக்கின்றன. ஆனால் நாம் ஏற்றுக்கொண்ட ஒன்றுக்கு இந்த அமைப்பைப் பயன்படுத்தக்கூடாது. “சேலை தாமதமாக வந்ததாகத் தாங்கள் கூறுவது” என்று எழுதினால், அவர் பொய் சொல்கிறார் என்ற தொனி வந்துவிடும். தாமதம் நடந்தது, அதை “சேலை ஐந்து நாள் தாமதமாக வந்தது” என்று நேராகவே எழுத வேண்டும்.

அடுத்தது, எழுவாய் இல்லாத வாக்கியம். “தவறு நேர்ந்துவிட்டது, வருந்துகிறோம்” என்பதில் எந்தத் தவறு, யாருடைய தவறு என்று இல்லை. எழுதியவர் தாமதத்தை நினைத்திருப்பார். படிப்பவர் எல்லாவற்றையும் எடுத்துக்கொள்வார். பேச்சில் குறிப்பால் புரிந்துகொள்ளும் இந்த வசதி, புகாருக்கான பதிலில் இரண்டு பக்கமும் வெட்டும். தவறு என்ற சொல்லை எழுதினால் அதே வாக்கியத்தில் எது தவறு என்றும் எழுதுங்கள்.

மன்னிப்புக்கும் வருத்தத்துக்கும் உள்ள வேறுபாடும் முக்கியமானது. “மன்னிப்புக் கோருகிறோம்” என்பது நம் செயலுக்குப் பொறுப்பேற்பது. ஆகவே அதைத் தாமதத்துக்கும் அட்டைக்கும் மட்டும் வைத்துக்கொண்டோம். “ஆசையாக வாங்கிய சேலை இப்படி ஆனதில் தங்களுக்கு எவ்வளவு வருத்தம் இருக்கும் என்பது எங்களுக்குப் புரிகிறது” என்பது அவருடைய இழப்பை மதிப்பது. அது பொறுப்பேற்பு ஆகாது. சாயத்தைப் பற்றிப் பேசும்போது இரண்டாவதைத்தான் எழுத வேண்டும், அதையும் மனமார எழுத வேண்டும். வருத்தம் தெரிவித்தாலே ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று பயந்து, இரக்கமே இல்லாத கடிதம் எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களுடைய கோப்புகள்தான் பெரும்பாலும் ஆணையம் வரை போகின்றன.

“ஒருவேளை எங்கள் தரப்பிலும் தவறு இருந்திருக்கலாம்” என்பது பணிவுக்காக எழுதப்படும் வரி. விசாரித்து முடித்த பிறகு இந்த வரிக்கு இடமே இல்லை. தெரிந்தால் தெரிந்ததைச் சொல்ல வேண்டும். தெரியாவிட்டால் எப்படித் தெரிந்துகொள்ளப் போகிறோம் என்று சொல்ல வேண்டும். “எங்கள் தரப்பிலும்” என்பதில் இருக்கும் அந்த “உம்” இன்னொரு காரியமும் செய்கிறது: உங்கள் தரப்பிலும் தவறுதான் என்று சுட்டிக்காட்டுகிறது. ஒரே சொல்லில் ஒப்புதலும் குற்றச்சாட்டும் சேர்ந்துவிடுகின்றன.

கடைசியாக, “ஆனால்”. “தாமதத்துக்கு மன்னிக்கவும், ஆனால் தாங்கள் சோப்புத்தூளில் ஊற வைத்ததால்...” என்று எழுதினால் முன்பாதியில் கேட்ட மன்னிப்பைப் பின்பாதி அழித்துவிடும். ஏற்பதை ஒரு பத்தியில் எழுதி முற்றுப்புள்ளி வைத்து முடித்துவிடுங்கள். மறுப்பது அடுத்த பத்தியில், தனக்கு உரிய காரணத்தோடு தொடங்கட்டும். மறுப்பில் வாடிக்கையாளரை எழுவாய் ஆக்காமலும் எழுத முடியும்: “தாங்கள் சேலையைக் கெடுத்துவிட்டீர்கள்” என்பதற்குப் பதிலாக “சோப்புத்தூள் கரைத்த நீரில் ஊறும்போது பட்டின் சாயம் நெகிழும்” என்று எழுதினால், அதே உண்மை அவரைக் குத்தாமல் போய்ச் சேரும்.

பரிகாரத்தைக் கூறுக்குக் கூறு கட்டுங்கள்

எதற்காகத் தருகிறோம் என்று சொல்லாமல் “நல்லெண்ணத்துக்காக 3,000 ரூபாய் தருகிறோம்” என்று எழுதுவது, எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டு பேரம் பேசுவதைப் போலத் தெரியும். அவரும் 6,000 கேட்பார். ஏற்றுக்கொண்ட ஒவ்வொரு கூறுக்கும் எதிரே அதற்கான பரிகாரத்தை எழுத வேண்டும்.

தாமதத்துக்கு, விரைவு கூரியருக்காக வாங்கிய 350 ரூபாய் முழுவதும் திரும்பத் தர வேண்டும். அந்தச் சேவை கிடைக்கவே இல்லை. சேலை வந்த அன்றே திருப்பி அனுப்பியிருந்தால் முழு விலையையும் தந்திருப்போம். ஆனால் அவர் வைத்துக்கொண்டு வேறொரு கல்யாணத்துக்குக் கட்டினார் என்பதால், தாமதத்தைக் காரணமாக வைத்து முழு விலை தருவது பொருந்தாது. அட்டை வைக்காததற்கு, அதனால் நேர்ந்த சேதத்தைச் சரிசெய்யும் செலவை ஏற்க வேண்டும் என்று முடிவு செய்தோம்: சேலையை எங்கள் செலவில் வரவழைத்து, பட்டுக்குச் சாயம் போடும் பட்டறையில் கொடுத்துக் கறையை எடுத்து, பாலிஷ் போட்டுத் திருப்பி அனுப்புவது. கறை முழுவதும் போகும் என்று எந்தப் பட்டறைக்காரரும் உறுதி சொல்ல மாட்டார், நாமும் சொல்லக்கூடாது. அப்படிப் போகாவிட்டால் விலையில் கால் பங்கான 3,200 ரூபாயைத் தருவது என்று வைத்துக்கொண்டோம். இந்தக் கால் பங்குக்குச் சூத்திரம் ஏதும் இல்லை. சேலை கிழியவில்லை, சரிகை கெடவில்லை, வீட்டு விசேஷங்களுக்குக் கட்ட முடியும், ஆனால் புதுச் சேலைக்கு உரிய மதிப்பு போய்விட்டது. துவைக்கும் குறிப்பு இணையப் பக்கத்தில் இருந்தது, பார்சலில் இல்லை. இவற்றை எடைபோட்டு முதலாளியும் நானும் உட்கார்ந்து ஒத்துக்கொண்ட தொகை அது. கடிதம் போகும் முன்பே உச்சத் தொகை எதுவென்று முதலாளியிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். தொலைபேசியில் அழுகுரல் கேட்கும்போது தீர்மானிக்க வேண்டிய விஷயம் அதுவன்று.

கடிதம்

“மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் 26-ஆம் தேதி மின்னஞ்சலையும் அதன் பிறகு அனுப்பிய படங்களையும் பார்த்தோம். கேட்ட விவரங்களை மறைக்காமல் எழுதியதற்கு நன்றி.

10-ஆம் தேதிக்குள் தருவதாக உறுதி கூறிய சேலை, 15-ஆம் தேதிதான் தங்களுக்குக் கிடைத்தது. வளைகாப்புக்கு என்று தாங்கள் முன்கூட்டியே சொல்லியிருந்தும் அதை நிறைவேற்றத் தவறினோம். இந்தத் தாமதம் முழுவதும் எங்கள் பொறுப்பு. அதற்காக மன்னிப்புக் கோருகிறோம். விரைவு கூரியருக்காகச் செலுத்திய 350 ரூபாயை இன்று தங்கள் கணக்குக்கு அனுப்பியுள்ளோம்.

எங்கள் பேக்கிங் பதிவைப் பார்த்ததில், சேலையைத் துவைக்கும் முறையைச் சொல்லும் பராமரிப்பு அட்டை தங்கள் பார்சலில் வைக்கப்படவில்லை என்று தெரிகிறது. அட்டை வைக்கத் தவறியதற்கும் மன்னிப்புக் கோருகிறோம்.

கரையின் சாயம் உடலில் இறங்கியிருப்பதைப் படங்களில் கண்டோம். ஒரே முறை கட்டிய சேலை இப்படி ஆனதில் தங்களுக்கு எவ்வளவு வருத்தம் இருக்கும் என்பது எங்களுக்குப் புரிகிறது. இதன் காரணத்தை அறிய, அதே சாயத் தொகுதியைச் சேர்ந்த பட்டுத் துண்டுகளை வெறும் தண்ணீரிலும் சோப்புத்தூள் கரைத்த நீரிலும் அரை மணி நேரம் வைத்துப் பார்த்தோம். வெறும் தண்ணீரில் சாயம் லேசாக மட்டுமே இறங்கியது. சோப்புத்தூள் நீர் சிவக்கும் அளவுக்கு இறங்கியது. சோதித்த துண்டுகளின் படங்களை இணைத்துள்ளோம். பட்டின் சாயம் சோப்புத்தூளில் உள்ள காரத்தில் நெகிழும் தன்மையுடையது. ஆகவே சாயம் தரக்குறைவானது என்பதையும், தெரிந்தே அத்தகைய சேலையை அனுப்பினோம் என்பதையும் எங்களால் ஏற்றுக்கொள்ள இயலவில்லை. இக்காரணத்தால் முழு விலையையும் கூடுதலாகக் கோரிய 5,000 ரூபாயையும் தர இயலாத நிலையில் இருக்கிறோம்.

துவைக்கும் முறையைத் தங்களுக்குத் தெரிவிக்க வேண்டிய அட்டையை வைக்காதது எங்கள் குறை என்பதால், சேலையை எங்கள் செலவில் பெற்றுக்கொண்டு, கறை நீக்கி, பாலிஷ் செய்து அனுப்ப விரும்புகிறோம். இதற்கு ஏறத்தாழ பன்னிரண்டு நாள் ஆகும். கறை முழுவதும் நீங்கும் என்று உறுதி கூற இயலாது. திரும்பி வந்த சேலை தங்களுக்குத் திருப்தியளிக்காவிட்டால், சேலையைத் தாங்களே வைத்துக்கொள்ளலாம். விலையில் 3,200 ரூபாயைத் திருப்பித் தருவோம். 

இதற்குத் தங்களுக்குச் சம்மதம் என்றால், எந்த நாளில் பார்சலை எடுத்துக்கொள்ள வரலாம் என்று தெரிவியுங்கள். சோதனை முடிவில் ஐயம் இருந்தால், சேலையைத் தங்களுக்கு நம்பிக்கையான சாயப் பட்டறையில் காட்டி, அவர்கள் சொல்வதை எழுதி அனுப்புங்கள். அதைப் பார்த்து மீண்டும் பரிசீலிப்போம்.”

கடைசி வாக்கியத்தை வெறும் மரியாதைக்காக எழுதவில்லை. நம் சோதனை நம் கடையில் நடந்தது. மறுக்கும்போது அதைச் சரிபார்க்க அவருக்கு ஒரு வழி திறந்திருக்க வேண்டும். அதேபோல் “பில்லில் வாங்கிய பொருள் திரும்பப் பெறப்படாது என்று அச்சிட்டிருக்கிறோம்” என்ற வரியைக் கடிதத்தில் சேர்க்கவில்லை. குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற மறுப்பதை 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் முறையற்ற வணிக நடைமுறை என்கிறது. சேலையில் குறை இல்லை என்பது நம் வாதமாக இருக்கும்போது, அந்த அச்சு வரியின் பின்னால் ஒளிவது வாதத்தைப் பலவீனப்படுத்தும்.

சிலர் இணையத்தில் பார்த்து “எங்கள் உரிமைகளுக்குப் பாதகமின்றி” என்று கடிதத்தின் தலையில் போட்டுவிடுகிறார்கள். சமரசப் பேச்சை வழக்கில் சான்றாகக் காட்டாமல் இருப்பதற்கு வழக்கறிஞர்கள் பயன்படுத்தும் தொடர் அது. வாடிக்கையாளருக்கு நேரடியாக எழுதும் விளக்கக் கடிதத்தில் அதைப் போட்டால் அவர் மிரள்வார். உள்ளே வெளிப்படையாக எழுதிய ஒப்புதலை அந்த ஒரு வரி காப்பாற்றிவிடும் என்று நம்பவும் முடியாது. வக்கீல் நோட்டீஸ் வந்துவிட்டால் நாம் எழுதுவதை நிறுத்திவிட்டு, கோப்பை வழக்கறிஞரிடம் கொடுத்துவிட வேண்டும்.

பதில் போன பிறகு

மறுநாள் அவர் தொலைபேசியில் அழைத்தார். கடிதத்தை எழுதியவர் கவனமாக எழுதியிருந்தாலும், அழைப்பை எடுப்பவர் “சரிம்மா, எப்படியாவது புதுசே வாங்கித் தர்றோம்” என்று சொல்லிவிட்டால் அதுதான் கடையின் புதிய வாக்குறுதி ஆகிவிடும். அதனால் அழைப்பை எடுக்கும் பெண்ணிடம் கடிதத்தின் நகலைக் கொடுத்து, அதில் இருப்பதைத் தவிர வேறெதையும் சேர்க்கவோ குறைக்கவோ வேண்டாம், புதிதாக ஏதேனும் சொன்னால் குறித்துக்கொண்டு எழுத்தில் பதில் வரும் என்று சொல்லும்படி ஏற்பாடு செய்திருந்தோம். அந்த அம்மா சாயத்தைப் பற்றிச் சற்று நேரம் வாதாடினார். அட்டை இல்லை என்று நாங்களாகவே சொன்னதைக் குறிப்பிட்டு, சேலையை அனுப்பிவைக்கிறேன் என்றார்.

பட்டறையிலிருந்து வந்த சேலையில் கறை பெரும்பகுதி போயிருந்தது. முந்தானை ஓரத்தில் மட்டும் ஒரு சாண் நீளத்துக்கு மங்கிய நிழல் இருந்தது. படமெடுத்து, இருப்பதை இருந்தபடியே எழுதி அனுப்பினோம். அவர் 3,200 ரூபாயைக் கேட்டார், கொடுத்தோம். பணம் அனுப்பும் முன் ஒரு வரி எழுதி, அதற்கு அவருடைய சம்மதத்தை மின்னஞ்சலில் வாங்கிக்கொண்டோம்: “26-ஆம் தேதிப் புகாரில் குறிப்பிட்ட அனைத்துக்கும் முழுத் தீர்வாக 3,200 ரூபாய் பெற்றுக்கொள்கிறேன்.” இந்தச் சம்மதத்தைப் பணம் போவதற்கு முன்பே வாங்கிவிட வேண்டும். 350 ரூபாய்க்கு இப்படிக் கேட்கவில்லை. அது நாங்கள் நிபந்தனையின்றித் தர வேண்டிய பணம்.

கோப்பில் வைத்தவை: புகார், இரண்டு பதில்கள், சோதனைத் துண்டுகளும் அவற்றின் படங்களும், குறியில்லாத அந்தப் பேக்கிங் தாள், பட்டறை ரசீது, சம்மத மின்னஞ்சல். இரண்டு ஆண்டுகளுக்கு அந்தக் கோப்பை எடுத்துப்போடக் கூடாது என்று மேலே தேதி எழுதி வைத்திருக்கிறேன்.